வங்கி அதிகாரி தட்டிப் பார்க்கும் எண்கள்: ஓர் இட்லி மாவு யூனிட்டின் பணப்புழக்கக் கணக்கு

"புராஜெக்ட் ரிப்போர்ட்டில் லாபம் நன்றாகக் காட்டினால் லோன் கிடைத்துவிடும்" என்று சிறுதொழில் செய்பவர்கள் பலர் நம்புகிறார்கள். அதனால் ஆடிட்டர் அலுவலகத்தில் வாங்கும் ரிப்போர்ட்டுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது போல இருக்கும். முதல் ஆண்டு இயந்திரத் திறனில் 60 சதவீதம், அடுத்து 70, அப்புறம் 80. செலவு ஆண்டுக்கு 5 சதவீதம் கூடும், விற்பனை 15 சதவீதம் கூடும். கடைசிப் பக்கத்தில் லாபம் கொழிக்கும்.

கடன் அதிகாரி கடைசிப் பக்கத்தில் அதிக நேரம் செலவிட மாட்டார். அந்த லாபம் எந்த எண்களிலிருந்து வந்தது, அந்த எண்களை எதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றுதான் தேடுவார். ஒப்பிட ஒன்றும் கிடைக்காவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: கோப்பு மேசையிலேயே கிடக்கும், அல்லது அவரே ஒரு குறைந்த எண்ணைப் போட்டுக் கடன் தொகையைக் குறைத்துவிடுவார். அவர் சோதித்துப் பார்க்கும்படி அனுமானங்களை எழுதுவது எப்படி என்பதை ஒரு சிறிய யூனிட்டை வைத்துப் பார்க்கலாம்.

## லாபம் இருக்கும், காசு இருக்காது

மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது. வாரக் கணக்கில் பார்த்தால் வருவது செலவாவதைவிட அதிகம்தான். ஆனாலும் தண்ணீர் வராத நாளின் மாலையில் தொட்டி காலியாகிவிட்டால் பாத்திரம் கழுவ முடியாது. வாரத்துக்கு மொத்தம் எவ்வளவு வருகிறது என்பது லாபக் கணக்கு. எந்த நேரத்தில் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பது பணப்புழக்கக் கணக்கு.

பணப்புழக்கக் கணிப்பு என்பது வரப்போகும் ஒவ்வொரு மாதமும் கைக்கு வரும் பணம், கையை விட்டுப் போகும் பணம், மாதக் கடைசியில் மிஞ்சும் இருப்பு ஆகியவற்றைக் காட்டும் அட்டவணை. பில் போட்ட தேதி இதில் கணக்கில் வராது. பணம் வங்கிக் கணக்கில் ஏறிய தேதிதான் வரும்.

அனுமானம் என்பது அந்த அட்டவணைக்குள் நாம் போடும் மூல எண். ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் விற்கும், உளுந்து என்ன விலை, கடைக்காரர் எத்தனை நாளில் பணம் தருவார் என்பவை எல்லாம் அனுமானங்கள். அட்டவணையில் மற்றதெல்லாம் வெறும் கூட்டல் கழித்தல்தான்.

## நம் உதாரணம்

மதுரையில் ஒரு குடும்பம் மூன்று ஆண்டுகளாக இட்லி மாவு அரைத்து விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 250 ஒரு கிலோ பாக்கெட். எல்லாம் பக்கத்துப் பெட்டிக்கடை, மளிகைக்கடைகளுக்கு; அன்றன்றைக்கே பணம் வந்துவிடும். இப்போது பெரிய கிரைண்டர்கள், பேக்கிங் இயந்திரம், ஒரு குளிர் அறை வாங்கி, சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் சேர்த்துத் தினம் 600 பாக்கெட் போட விரும்புகிறார்கள். கேட்கும் கடன் 12 லட்சம் ரூபாய், வட்டி 11 சதவீதம். முதல் மூன்று மாதம் வட்டி மட்டும், அதாவது மாதம் 11,000 ரூபாய். அதன்பின் 60 தவணை. ஒரு தவணை சுமார் 26,100 ரூபாய். விலைகளும் செலவுகளும் கணக்குப் புரிவதற்காக நான் வைத்தவை. ஜிஎஸ்டியை இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம்.

முழு வேகத்தில் ஓடும் ஒரு மாதத்தைப் பாருங்கள். அரைப்பது 18,000 பாக்கெட். சூப்பர் மார்க்கெட்டில் விற்காமல் புளித்துத் திரும்பி வருவது 500. பணம் கிடைப்பது 17,500 பாக்கெட்டுக்கு. கடைக்குக் கொடுக்கும் விலை 40 ரூபாய் என்றால் 7 லட்சம். ஒரு பாக்கெட்டுக்கு அரிசி 15 ரூபாய், உளுந்து 10 ரூபாய், வெந்தயம், உப்பு, கவர் எல்லாம் சேர்த்து 2.50. ஆக மூலப்பொருள் 27.50 வீதம் 4,95,000. சம்பளம், கரண்டு, வண்டி, வாடகை எல்லாம் 1,30,000. மிச்சம் 75,000. வீட்டுச் செலவுக்கு 25,000 எடுத்தால் 50,000 நிற்கும். தவணை போக கையில் 23,900.

வங்கிகள் இங்கே கடன் தாங்கும் விகிதம் ஒன்றைப் பார்க்கும். ஆங்கிலச் சுருக்கத்தில் டிஎஸ்சிஆர் என்பார்கள். தவணை கட்டக் கையில் இருக்கும் பணத்தை, கட்ட வேண்டிய தவணையால் வகுப்பது. இங்கே 50,000 வகுத்தல் 26,100, அதாவது 1.9. ஒன்றுக்குக் கீழே போனால் தவணைக்குப் பணம் போதாது என்று பொருள். 1.9 என்பது தாராளமான எண். வங்கிக்காரரே தலையாட்டுவார் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

இதுவரை பார்த்தது: கணிப்பு என்பது அட்டவணை, அனுமானம் என்பது அதற்குள் போகும் எண். நம் யூனிட் எழுதியபடியே எல்லாம் நடந்தால் மாதம் 23,900 ரூபாய் மிஞ்சும். இனி எழுதியபடி நடக்குமா என்பதைப் பார்க்க வேண்டும்.

## முதல் சோதனை: இப்போது விற்பது உண்மையா

600 பாக்கெட் என்ற எண்ணுக்கு முன்னால் அதிகாரி 250 என்ற எண்ணைத்தான் கிள்ளிப் பார்ப்பார். நடக்கும் வியாபாரத்தையே கூட்டிச் சொல்பவர் வரப்போகும் வியாபாரத்தை என்னவெல்லாம் சொல்வார் என்பது அவர் கவலை.

விற்பனை பெரும்பாலும் ரொக்கம், பில் கிடையாது. எப்படி நிரூபிப்பது? மாவுத் தொழிலில் இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது: வாங்கிய தானியத்திலிருந்து பின்னோக்கிப் போவது. நம் யூனிட்டில் ஒரு கிலோ தானியம் அரைத்தால் 2.4 கிலோ மாவு வருகிறது. அரிசி நாலு பங்குக்கு உளுந்து ஒரு பங்கு. தினம் 250 பாக்கெட் என்றால் மாதம் 7,500 கிலோ மாவு. அதற்கு 3,125 கிலோ தானியம் வேண்டும்: அரிசி 2,500, உளுந்து 625. அரிசி மண்டி பில்களைக் கூட்டினால் மாதம் இரண்டரை டன்னுக்குப் பக்கத்தில் வர வேண்டும். 1,700 கிலோதான் வருகிறது என்றால் விற்பனை 170 பாக்கெட்தான், அல்லது பில் இல்லாமல் அரிசி வாங்குகிறார்கள். எதுவாக இருந்தாலும் அதிகாரி கேட்பதற்கு முன் நாமே சொல்லிவிடுவது நல்லது.

இந்த 2.4-ஐயும் அவர் அப்படியே நம்ப வேண்டியதில்லை. யூனிட்டைப் பார்க்க வரும் நாளில் அவர் கண்முன்னே ஒரு ஈடு எடைபோட்டு அரைத்துக் காட்டலாம். அதன்பின் கரண்டு பில்லில் ஓடிய யூனிட்டுகள், கவர் வாங்கிய பில்கள், யுபிஐ வழியாக வந்த வசூல் என்று மூன்று நான்கு பக்கத்திலிருந்தும் அதே 250-க்கு வந்து சேர முடியும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத தாள்கள் ஒரே எண்ணைச் சொன்னால், அதற்கு மேல் யாரும் வாதாட வேண்டியிருக்காது.

ஆகவே ரிப்போர்ட்டில் "தற்போதைய விற்பனை தினம் 250 பாக்கெட்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். இப்படி எழுதலாம்:

> தற்போதைய விற்பனை: தினம் 250 பாக்கெட். ஆதாரம்: கடந்த 12 மாத அரிசி, உளுந்து கொள்முதல் பில்கள் (இணைப்பு 1), மாத சராசரி 3,125 கிலோ; ஒரு கிலோவுக்கு 2.4 கிலோ மாவு. சரிபார்க்க: கவர் கொள்முதல் பில்கள், நடப்புக் கணக்கு அறிக்கை. அரைக்கும்போது எடைபோட்டுப் பார்க்கலாம்.

எண், அது வந்த இடம், சரிபார்க்கும் வழி. இதோடு நான்காவதாக ஒன்றும் வேண்டும்: எண் தவறினால் என்ன ஆகும். அதற்குக் கீழே வருகிறேன்.

## இரண்டாவது சோதனை: பணம் எத்தனை நாளில் வரும்

எனக்குத் தெரிந்து பணப்புழக்கக் கணக்குகள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். சூப்பர் மார்க்கெட் "30 நாள் கிரெடிட்" என்று சொன்னதும் அட்டவணையில் 30 என்று போட்டுவிடுகிறோம். அந்த 30 எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்று கேட்பதில்லை. சரக்கு இறக்கிய நாளிலிருந்தா, அவர்கள் சரக்கை ஏற்றுப் பதிவு செய்த நாளிலிருந்தா, மாதம் முழுவதற்கும் சேர்த்து ஒரே பில்லாகக் கொடுத்த நாளிலிருந்தா? அதற்கு மேல், மாதத்தில் இரண்டு தேதிகளில்தான் பணம் அனுப்புவோம் என்று ஒரு வழக்கம் இருக்கலாம். திரும்பிய பாக்கெட்டுகளின் கணக்கு முடியாமல் பில்லை நிறுத்தியும் வைக்கலாம். 30 நாள் என்று பேசியது 45 நாளில் கைக்கு வருவது அதிசயமில்லை.

பதினைந்து நாள்தானே என்று தோன்றும். நம் யூனிட்டில் அது என்ன செய்கிறது பாருங்கள். சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகும் 350 பாக்கெட்டை முதல் மாதம் பாதி அளவிலும் இரண்டாம் மாதத்திலிருந்து முழுதாகவும் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். திரும்பியது போக சூப்பர் மார்க்கெட் விற்பனை முதல் மாதம் 2 லட்சம், பிறகு மாதம் 4 லட்சம். பெட்டிக்கடை ரொக்கம் மாதாமாதம் 3 லட்சம். கீழே எல்லாம் லட்ச ரூபாயில்.

| மாதம் | வெளியே போவது | உள்ளே வருவது (30 நாள்) | சேர்ந்த இருப்பு | உள்ளே வருவது (45 நாள்) | சேர்ந்த இருப்பு |
|---|---|---|---|---|---|
| 1 | 5.17 | 3.00 | −2.17 | 3.00 | −2.17 |
| 2 | 6.61 | 5.00 | −3.78 | 4.00 | −4.78 |
| 3 | 6.61 | 7.00 | −3.39 | 6.00 | −5.39 |
| 4 | 6.76 | 7.00 | −3.15 | 7.00 | −5.15 |

இரண்டு பக்கத்திலும் விற்பனை ஒன்றுதான், லாபம் ஒன்றுதான். முழு ஓட்டத்து மாதத்தை வைத்துப் போட்ட டிஎஸ்சிஆரும் அதே 1.9. ஆனால் பள்ளத்தின் ஆழம் 3.78 லட்சத்திலிருந்து 5.39 லட்சமாகிவிட்டது. மாதம் 24,000 ரூபாய் மிச்சத்தில் இந்தப் பள்ளத்தை நிரப்ப ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். இயந்திரத்துக்கு 12 லட்சம் மட்டும் கேட்டு, கையில் ஒரு லட்சத்தோடு தொடங்கினால், நல்ல லாபம் தரும் இந்த யூனிட் முதல் மாதமே அரிசிக் கடைக்காரரிடம் கடன் சொல்லி நிற்கும். டிஎஸ்சிஆரில் இது தெரியாது. மாதவாரி அட்டவணையில்தான் தெரியும்.

இந்தப் பள்ளத்தை அடைக்க வங்கியில் சிசி எனப்படும் நடைமுறை மூலதனக் கடன் இருக்கிறது. ஓர் உச்சவரம்புக்குள் வேண்டும்போது எடுத்து, பணம் வந்ததும் கட்டி, எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி கொடுப்பது. ஆனால் வரம்பு கிடைத்தால் முழுவதும் எடுத்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. கையிருப்புச் சரக்கும் வர வேண்டிய பாக்கியும் எவ்வளவோ, அதில் ஒரு பகுதியைக் கழித்துத்தான் எடுக்க விடுவார்கள். 45 நாள் பாக்கி நம் யூனிட்டுக்கு 6 லட்சம்; மாவைச் சேர்த்துவைக்க முடியாது என்பதால் சரக்கு மிகக் குறைவு. நாலில் ஒரு பங்கு கழித்தால் எடுக்கக்கூடியது நாலரை லட்சம். பள்ளமோ 5.39. மீதி கிட்டத்தட்ட ஒரு லட்சம் சொந்தப் பணமாக இருந்தாக வேண்டும், சிசி வட்டிக்கும் கொஞ்சம் வேண்டும். இதை ரிப்போர்ட்டிலேயே சொல்லி, அந்தச் சொந்தப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று காட்டினால் அதிகாரியின் பாதிக் கேள்விகள் எழாமலே போகும்.

சரி, புதிய வாடிக்கையாளர் 45 நாளில் தருவார் என்பதற்கு என்ன ஆதாரம் காட்டுவது? நம்மிடம் பழைய கணக்கு இல்லை. இருப்பதைச் சொல்லலாம்: பணம் கொடுக்கும் விதிமுறை எழுதிய ஆர்டர் கடிதம் இருந்தால் இணைக்கலாம். அதே கடைக்குத் தயிரோ ரொட்டியோ போடும் வேறொருவர் சம்மதித்தால் அவருடைய பில் தேதியையும் வரவுத் தேதியையும் காட்டலாம். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ வளர்ச்சிச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் சட்டம் சொல்லும் நாளை வசூல் நாளாக எழுதினால் அதிகாரி சிரித்துக்கொள்வார். அட்டவணைக்குத் தேவை உண்மையில் பணம் வரும் நாள்.

இந்தப் பகுதியில் பிடித்துக்கொள்ள வேண்டியது: வசூல் நாள் மாறினால் லாபம் அப்படியே இருக்கும், கையிருப்பு குலையும். எத்தனை நாள் என்பதோடு எந்த நாளிலிருந்து என்பதையும் எழுத வேண்டும்.

## மூன்றாவது சோதனை: எது எவ்வளவு சறுக்கினால் கவிழும்

இப்போது அந்த நான்காவது அம்சம். ஒவ்வொரு அனுமானத்துக்கும் பக்கத்தில், அது எந்த அளவுக்குத் தவறினால் மாதம் 23,900 என்ற மிச்சம் பூஜ்யமாகும் என்று எழுதிவிடுங்கள். இதை முறியும் எல்லை என்று வைத்துக்கொள்வோம். கணக்கு சுலபம்தான்.

உளுந்தை எடுங்கள். முழு ஓட்டத்தில் தினம் 50 கிலோ, மாதம் 1,500 கிலோ. 23,900-ஐ 1,500-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 16. கிலோ 120 என்று போட்ட உளுந்து 136-ஐத் தொட்டால் மிச்சம் காலி. 150 ஆனால் மாதம் 45,000 ரூபாய் கூடுதல் செலவு. தவணைக்கே 21,000 ரூபாய் துண்டு விழும். உளுந்து விலை ஓர் ஆண்டுக்குள் இவ்வளவு ஏறி இறங்குவது மளிகை வாங்கும் எவருக்கும் தெரியும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தினசரி விலைகளை வெளியிடுகிறது. அதிகாரி தன் மேசையிலிருந்தே பார்த்துவிடலாம். ஆகவே இன்றைய விலையை மட்டும் எடுத்துப் போடக் கூடாது. கடந்த இரண்டு ஆண்டுக் கொள்முதல் பில்களில் இருந்த அதிகபட்ச விலையையும் எழுதி, அந்த விலை வந்தால் என்ன செய்வோம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

அந்த ஒரு வரியும் சோதிக்கும்படி இருக்கட்டும். "விலை ஏறினால் நாங்களும் ஏற்றுவோம்" என்றால் போதாது. கடந்த முறை உளுந்து ஏறியபோது பாக்கெட்டுக்கு எத்தனை ரூபாய், எத்தனை வாரம் கழித்து ஏற்றினீர்கள், அதன்பின் விற்பனை குறைந்ததா என்பதைப் பழைய பில்களோடு சொல்லுங்கள். பெட்டிக்கடையில் மறுநாளே ஏற்றலாம். சூப்பர் மார்க்கெட்டில் புது விலைக்கு ஒப்புதல் வாங்கும்வரை பழைய விலையில்தான் போட வேண்டியிருக்கும். அந்த இடைவெளியும் பணப்புழக்கத்தில் ஓர் ஓட்டைதான்.

மற்றவற்றையும் இப்படியே போடலாம். ஒரு பாக்கெட்டில் மூலப்பொருள் போக நிற்பது 12.50, விற்பனை தினம் 600-லிருந்து 536-க்கு இறங்கினால் மிச்சம் தீர்ந்துவிடும். திரும்பி வருவது மாதம் 500-லிருந்து 1,100-ஐ நெருங்கினாலும் அப்படித்தான். கொடுக்கும் விலை 40-லிருந்து ஒன்றரை ரூபாய் இறங்கினால் அதோடு சரி. இந்த எண்களை எழுதுவது நம் பலவீனத்தை நாமே காட்டிக்கொடுப்பதாகப் பலர் பயப்படுகிறார்கள். அதிகாரி இதே வகுத்தலைத் தன் கால்குலேட்டரில் எப்படியும் போடப்போகிறார். நாம் முன்பே போட்டிருந்தால், அடுத்த பேச்சு தவணைக் காலத்தை ஐந்திலிருந்து ஏழு ஆண்டாக்கலாமா, வட்டி மட்டும் கட்டும் மூன்று மாதத்தை ஆறாக்கலாமா என்று போகும்.

எல்லாவற்றுக்கும் இப்படி எழுதத் தேவையில்லை. வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதை இணைத்தால் முடிந்தது. உப்பு விலை இரட்டிப்பானாலும் ஒன்றும் ஆகாது. ஐந்தாறு அனுமானங்கள்தான் கணக்கைத் தூக்கி நிறுத்துகின்றன. நம் யூனிட்டில் அவை விற்பனை அளவு, கொடுக்கும் விலை, வசூல் நாள், திரும்புவது, உளுந்து விலை, மாவு காணும் அளவு. இவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.

## அதிகாரி கையில் கொடுக்கும் கோப்பு

அந்த ஒரு பக்கத்தை எக்ஸெல்லில் தனித் தாளாக வைத்து, மாதவாரி அட்டவணை முழுவதும் அந்தத் தாளிலிருந்தே எண்களை எடுக்கும்படி செய்யுங்கள். முதல் தாளுக்கு `Inputs` என்று பெயர் வைத்து, B2-இல் தினசரி பாக்கெட்டும் B3-இல் விலையும் இருந்தால், மாத விற்பனைக் கட்டத்தில், திரும்பி வருவதைக் கழிக்கும் முன், இப்படி இருக்க வேண்டும்:

```
=Inputs!B2*30*Inputs!B3
```

பலர் இந்த இடத்தில் 7,20,000 என்று தட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அதிகாரி B2-இல் 600-ஐ அழித்து 500 என்று போட்டால், முதல் கோப்பில் பன்னிரண்டு மாதமும் தானாக மாறும். இரண்டாவதில் எதுவும் அசையாது. கணக்கு எங்கிருந்தோ ஒட்டப்பட்டது என்று அவருக்குப் புரிந்துவிடும். வசூல் நாளுக்கு இப்படிச் சூத்திரம் எழுதுவது கொஞ்சம் சிக்கல். அதற்கு 30 நாளுக்கு ஒரு தாள், 45 நாளுக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக வைத்துவிடலாம்.

கொடுப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை உளுந்து 150, வசூல் 45 நாள், தினம் 500 பாக்கெட் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள். வெறும் உளுந்துக்காக மாதம் 37,500 ரூபாய் கூடுதலாகும், குறையும் 100 பாக்கெட்டால் இன்னொரு 37,500 போகும். வீட்டுச் செலவுக்கு எடுக்கும் 25,000-ஐ முழுவதும் நிறுத்தினாலும் மூலப்பொருளும் சம்பளமும் போகத் தவணைக்கு ஒரு பைசா மிஞ்சாது. அந்த நிலை ஆறு மாதம் நீடித்தால் தவணைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று நேர்காணலில் கேட்பார்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது சம்பளம் வருகிறதா, பெட்டிக்கடை வியாபாரம் மட்டும் எவ்வளவு தாங்கும், சூப்பர் மார்க்கெட் அளவைக் குறைத்து ஆட்களையும் குறைக்க முடியுமா என்பதற்கான பதிலை அட்டவணைக்குக் கீழே இரண்டு மூன்று வரியில் எழுதி வையுங்கள்.